ஊசியக்காவின் மோதிர விரல்

ஊசியக்காவுக்கு இரண்டு வேலை. காலை ஏழு மணியிலிருந்து இரண்டு மணி வரை ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் ரத்தம் எடுப்பது ஒன்று. நான்கு மணிக்கு மேல் மைதானத்தில் ஆஃப் ஸ்பின் போடுவது மற்றொன்று. முதல் வேலைக்குச் சம்பளம் உண்டு, இரண்டாவதற்குக் கிடையாது. ஆனாலும் புதிதாக யாராவது "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டால், எதை முதலில் சொல்வது என்று ஒரு நொடி யோசிப்பாள். பெயர் வைத்தது வார்டுக் குழந்தைகள். நாத்தனார் அதை மைதானத்துக்கும் கொண்டுபோய்விட்டாள், அங்கேயும் அதுவே ஒட்டிக்கொண்டது.

இரண்டு வேலைக்கும் ஒரே விரல்தான் முதலீடு. வலது கை ஆள்காட்டி விரல்.

ஆஃப் ஸ்பின்னுக்குப் பந்தைப் பிடிப்பதை அவள் வீட்டுக்காரருக்கு ஒருமுறை எலுமிச்சம்பழத்தை வைத்து விளக்கினாள். பந்தின் நடுவில் ஓடுகிற தையலுக்குக் குறுக்கே ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் முடிந்த மட்டும் இடைவெளி. விரல்கள் "விட்டுடு தாயே" என்று கெஞ்சுகிற அளவுக்கு. பந்து மோதிர விரலின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கும், கட்டைவிரல் பக்கத்தில் சும்மா நிற்கும். கை மேலே வந்து பந்தை விடுகிற நேரத்தில் ஆள்காட்டி விரல் அந்தத் தையலைப் பிடித்துக் கீழே இழுக்கும். கதவுக் குமிழைத் திறக்கிற மாதிரி கை வலது பக்கம் திரும்பும். பந்து சுற்றிக்கொண்டே போய்த் தரையில் விழும்போது, மேடாக நிற்கும் தையல் மண்ணைக் கடிக்கும். கடித்த இடத்திலிருந்து பந்து வலது பக்கம் திரும்பும். வலது கை ஆட்டக்காரி என்றால் அவளை நோக்கி உள்ளே வரும், இடது கை ஆட்டக்காரி என்றால் அவளை விட்டு விலகிப் போகும்.

"அவ்வளவுதானா?" என்றார் வீட்டுக்காரர்.

"அவ்வளவுதான். பதினோரு வருஷமாச்சு" என்றாள்.

பதினோரு வருஷம் தையலை இழுத்த விரல் எப்படி இருக்கும்? நுனியில், நடுவிரலைப் பார்த்த பக்கம், முதலில் சிவந்தது. பிறகு கொப்புளம் வந்தது, உடைந்தது, காய்ந்தது. அப்புறம் அந்த இடம் காய்ப்பேறி, வருஷத்துக்கு வருஷம் விரல் நுனியின் பாதியைப் பிடித்துக்கொண்டது. ஆட்டக்காரிகள் அதைப் பெருமையாகப் பார்ப்பார்கள். நாத்தனார் புதிதாக அணிக்கு வருகிறவர்களைக் கூப்பிட்டு, "அண்ணி, விரலைக் காட்டுங்க" என்பாள். இவளும் ஏதோ பதக்கத்தைக் காட்டுவதுபோல நீட்டுவாள்.

நாத்தனார் என்றால் வீட்டுக்காரரின் தங்கை. அணியின் கேப்டனும் அவளே, விக்கெட் கீப்பரும் அவளே. அண்ணியை இந்த வீட்டுக்குப் பெண் பார்த்தவளும் அவள்தான் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அணிக்கு ஒரு ஆஃப் ஸ்பின்னர் குறைந்தாள், அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, இரண்டு பிரச்சினையையும் ஒரே நாளில் முடித்துவிட்டாள் என்பார்கள். அவள் அதை மறுப்பதில்லை. பதினோரு வருஷமாக ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியிருந்து அண்ணியின் கையைப் பார்த்தே பந்து எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவிடுவாள்.

வினை வார்டில் வந்தது. நான்கு வயதுப் பெண் குழந்தை, மூன்று நாளாக வாந்தி பேதி. உடம்பில் நீர் வற்றினால் ரத்தக்குழாய் நூலாகச் சுருங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது, விரல்தான் தேட வேண்டும். ஊசியக்கா கையுறைக்குள் ஆள்காட்டி விரலை வைத்து முழங்கை மடிப்பில் தடவினாள். ஏதோ தட்டுப்பட்டது. குத்தினாள், ரத்தம் வரவில்லை. மறு கையில் தேடிக் குத்தினாள், வரவில்லை. மூன்றாவது முறையும் ஊசி வெறுமனே வெளியே வந்தபோது குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை. அது அவளை நிமிர்ந்து பார்த்தது. "முடிஞ்சுதா?" என்று கேட்டது.

அந்தக் கேள்வி அவளைச் சுட்டது. லேபின் தலைமை டெக்னீஷியன் வந்து, புறங்கையில் ஒரே குத்தில் எடுத்துக்கொண்டு போனாள்.

மதியம் தலைமை டெக்னீஷியன் அவளை அறைக்குக் கூப்பிட்டாள். ஒரே வயதுக்காரிகள்தான், ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருத்தி பரீட்சை எழுதி மேலே போனாள், மற்றவள் பந்து போடப் போனாள். தலைமை டெக்னீஷியன் தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி மேஜையில் வைத்தாள், மேலே ஒரு வெள்ளைத்தாளைப் போட்டாள்.

"கண்ணை மூடிட்டு முடி எங்க இருக்குன்னு சொல்லு."

ஊசியக்கா தடவினாள். தாள் மட்டும்தான் தெரிந்தது. இன்னும் அழுத்தித் தடவினாள். மேஜை தெரிந்தது.

"இந்த விரல் செத்துப்போச்சு" என்றாள் தலைமை டெக்னீஷியன். கோபமில்லை, ரிப்போர்ட் படிக்கிற குரல். "இடது கையால தேடலாமே?"

"முயற்சி பண்ணிட்டேன் மேடம். எது குழாய், எது தசைநாருன்னு அதுக்கு வித்தியாசம் தெரியல."

"மூணு மாசம் பெரியவங்க பக்கம் போ. அங்க குழாய் கயிறு மாதிரி இருக்கும், யாரும் எடுக்கலாம். மூணு மாசம் கழிச்சு இதே தாள், இதே முடி. தெரிஞ்சா குழந்தைங்க வார்டு உனக்கு. தெரியலன்னா அங்க வேற ஆள் போடணும். பிள்ளைங்களை மூணு தடவை குத்த முடியாது."

தோல் டாக்டர் ஐந்தே நிமிடத்தில் முடித்தார். உரசல் நின்றால் காய்ப்பு தானாக உரிந்துவிடும், உரசல் தொடர்ந்தால் தொடரும். இதைச் சொல்ல டாக்டர் தேவையா என்று அவளுக்குத் தோன்றியது.

அன்று மாலை மைதானத்துக்குப் போய் நாத்தனாரிடம் விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் காலில் கட்டிக்கொண்டிருந்த பேடைப் பாதியில் விட்டாள்.

"அப்போ பந்து போட மாட்டீங்களா?"

"போடுவேன். லெக் ஸ்பின் போடுவேன்."

நாத்தனார் சிரித்த சிரிப்பில் பக்கத்து வலையில் பயிற்சி நின்றுபோனது. இருபத்தொன்பது வயதில் ஒருத்தி இடது கையால் எழுதப் பழகுகிறேன் என்றால் எப்படிச் சிரிப்பார்களோ அப்படி. ஆனால் ஊசியக்கா கணக்குப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். லெக் ஸ்பின்னில் இழுக்கிற வேலை மோதிர விரலுக்கு. அவளுடைய வலது கை மோதிர விரல் இன்றுவரை ஒரு மோதிரத்தைக்கூடச் சுமந்ததில்லை. வார்டில் அதற்கு எந்த வேலையும் இல்லை. காய்ப்பேறட்டுமே, யாருக்கு நஷ்டம்?

"சரி, ஒரு சீசன் பார்ப்போம்" என்றாள் நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாக் அவுட் ஆட்டம் வரைக்கும் டைம். அதுக்குள்ள வரலன்னா வேற ஸ்பின்னர் தேடுவேன் அண்ணி. வீட்டுல வந்து முகத்தைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

வீட்டு நடைதான் பயிற்சிக்கூடமானது. வாசல் கதவிலிருந்து சமையலறைச் சுவர் வரை இருபதடி. பந்தின் ஒரு பாதிக்கு மார்க்கரால் நீலம் அடித்தாள், சுற்றுவது சரியா என்று கண்ணுக்குத் தெரிவதற்காக. வீட்டுக்காரர் மறுமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே ஒரு கையால் பந்தைப் பிடிப்பார். பல நாள் பிடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, பந்து அவரிடம் வரவே இல்லை. ஒன்று அவள் காலடியிலேயே விழுந்தது. ஒன்று விட்டத்தில் பட்டது. ஒன்று சமையலறைக்குள் போய்ப் பால் பாத்திரத்தில் குதித்தது.

"இதுக்கு அந்த எலுமிச்சம்பழமே தேவலாம்" என்றார் அவர்.

பிடி தெரியாமல் இல்லை. இரண்டு விரல்களைத் தையலுக்குக் குறுக்கே வைக்க வேண்டும், ஆனால் ஆஃப் ஸ்பின் மாதிரி அகட்டாமல். மோதிர விரலை மடக்கி, அதன் பக்கவாட்டைத் தையலோடு ஒட்டி வைக்க வேண்டும். மணிக்கட்டை உள்பக்கம் மடித்துக்கொண்டுவந்து விடும்போது விரிக்க வேண்டும். அந்த விரிப்பில் மோதிர விரல் நிமிர்ந்து தையலை மேல்பக்கமாகத் தள்ளும். கதவுக் குமிழ் இப்போது இடது பக்கம் திரும்புகிறது. பந்தும் தரையில் பட்டதும் இடது பக்கம் திரும்ப வேண்டும். புத்தகம் மாதிரி எல்லாம் மனப்பாடம். ஆனால் நீலமும் சிவப்பும் ஒழுங்காகச் சுற்றாமல், உருட்டிவிட்ட உருளைக்கிழங்கு மாதிரி தள்ளாடிக்கொண்டு போயின. தையல் எங்கோ பார்க்க, பந்து வழவழப்பான தோல் பக்கமாக விழுந்து நேரே போனது.

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. வலைப் பயிற்சியில் அவளுடைய பந்தை அடித்துப் பழகாத ஆள் அணியில் இல்லை. மெதுவாகப் போடுகிற பந்தில் தன்னம்பிக்கை வளர்கிறது என்று ஒருத்தி நன்றி வேறு சொன்னாள். நாத்தனார் இப்போது சிரிப்பதில்லை. அவள் சிரிக்காததுதான் ஊசியக்காவுக்குப் பயமாக இருந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் சொன்ன சொல் தவறாமல் அடுக்கடுக்காக உரிந்து, உள்ளே இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் எட்டிப்பார்த்தது.

வழி திறந்தது பெரியவர்கள் பக்கத்தில். ஒரு முதியவர் ரத்தம் கொடுக்க வந்தார். உதவுகிறேன் பேர்வழி என்று தன் கையைத் தானே பிடித்துக் குழாயைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினார். "இங்கதாம்மா இருக்கு, இங்கதான்!" அமுக்க அமுக்க அது தட்டையாகி உள்ளே போய்விட்டது.

"அமுக்காதீங்க சார். அமுக்கினா ஓடிடும். சும்மா தொட்டுப் பாருங்க, அதுவே மேல வந்து காட்டும்" என்றாள் ஊசியக்கா. தினம் பத்துப் பேருக்குச் சொல்கிற வசனம். சொல்லிவிட்டு ஊசியின் உறையைக் கழற்றப் போனவள் அப்படியே நின்றாள்.

"என்னம்மா, ரத்தம் இல்லையா?" என்று கேட்டார் முதியவர்.

"இருக்கு சார், இருக்கு" என்றாள்.

ஆஃப் ஸ்பின் போடுகிறவள் பந்தை விரல்களுக்கு நடுவில் ஆப்பு மாதிரி இறுக்குவாள். பதினோரு வருஷத்து இறுக்கம். லெக் ஸ்பின்னுக்கு விரல்களை இடம் மாற்றினாளே தவிர, இறுக்கத்தை மாற்றவில்லை. இறுக்கினால் மணிக்கட்டு கட்டைபோல் விறைத்துவிடும், விரிய வேண்டிய நேரத்தில் விரியாது. லெக் ஸ்பின்னுக்குப் பந்து கையில் தளர்வாக இருக்க வேண்டும், விழுந்துவிடுமோ என்று சந்தேகம் வருகிற அளவுக்கு. இது லெக் ஸ்பின் போடுகிற எவளுக்கும் முதல் நாளே தெரியும். நல்ல ஆஃப் ஸ்பின்னருக்குத்தான் தெரியாது.

அன்று மாலை நடையில் நின்று, முட்டையைப் பிடிப்பதுபோல் பந்தைப் பிடித்து, கட்டைவிரலைக் கிட்டத்தட்ட எடுத்தே விட்டாள். பந்து கையை விட்டபோது காதோரம் 'விர்' என்று ஒரு சத்தம் கேட்டது. நீலமும் சிவப்பும் கலங்காமல் சுற்றின. போன வேகத்தில் பந்து சட்டென்று இறங்கி, தரையில் பட்டு, ஒரு முழம் இடது பக்கம் திரும்பிச் செருப்பு வைக்கும் பலகையில் மோதியது. வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே வைத்தார்.

"இன்னொண்ணு போடு."

இன்னொன்றும் திரும்பியது. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். வீட்டுக்காரர் பந்தை எடுத்துத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு அவர் அந்த நேரத்தில் பேப்பர் படிப்பதை விட்டுவிட்டார். மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் திருப்பி, புறங்கை எதிராளியைப் பார்க்கிற மாதிரி வைத்து, சுண்டுவிரல் பக்கமாகப் பந்தை வெளியே விட்டால், அதே பிடியில் பந்து எதிர்ப்பக்கம் திரும்பும். கூக்லி. அதையும் நடையில் போட்டுப் பார்த்தாள். பத்தில் மூன்று சரியாக வந்தது. ஏழு எங்கே போனது என்று சமையலறையைக் கேட்க வேண்டும். மைதானத்தில் அதை அவள் போட்டதேயில்லை, வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது.

நாக் அவுட் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. தாளும் முடியும் மறுநாள் திங்கட்கிழமை.

ஆட்டத்தில் அவள் லெக் ஸ்பின்னுக்கு இரண்டு விக்கெட் விழுந்தது. நாத்தனார் தட்டிக்கொடுத்தாள், ஆனால் முகத்தில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கடைசி ஓவரும் இவளுக்கு வந்தது. கடைசிப் பந்துக்கு எதிரணிக்கு வேண்டியது இரண்டு ரன். எதிரே நின்றவள் இடது கை ஆட்டக்காரி, அறுபது ரன் அடித்து நன்றாக நிலைத்துவிட்டவள். லெக் ஸ்பின் அவளுக்கு உள்ளே வரும், வாட்டமாக அடிக்கலாம், அடித்துக்கொண்டும் இருந்தாள். அவளை விட்டு விலகிப் போகிற பந்து வேண்டும். அதாவது ஆஃப் ஸ்பின்.

நாத்தனார் ஸ்டம்பை விட்டு ஓடிவந்தாள். வாயைக் கையுறையால் மறைத்துக்கொண்டாள்.

"அண்ணி, ஒரே ஒரு ஆஃப் ஸ்பின். ஒரே ஒண்ணு. ஒரு பந்துல காய்ப்பு வந்துடாது."

"புதுத் தோலுடி. தையல் இழுத்தா கிழியும். நாளைக்குக் காலைல தாள் இருக்கு."

"ஆட்டம் இன்னைக்கு இருக்கு."

இரண்டும் உண்மை. ஊசியக்கா ஓடத் தொடங்கும் இடத்துக்குத் திரும்பி நடந்தாள். நடக்கும்போது ஆள்காட்டி விரல் தன்னிஷ்டத்துக்குத் தையலுக்குக் குறுக்கே போய் உட்கார்ந்தது, பதினோரு வருஷத்து இடம். அந்த நேரத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது. தையல் என்று ஒரு மேடு இல்லை. நூல் நூலாக, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு தையலும் விரல் நுனியில் தனித்தனியாகத் தெரிந்தது. நூலுக்கும் நூலுக்கும் நடுவில் இருந்த பள்ளம்கூடத் தெரிந்தது. அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

திரும்பி நாத்தனாரைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் குந்தினாள். அண்ணி மோதிர விரலை மடக்குவதைப் பார்த்தாள், லெக் ஸ்பின் என்று முடிவு செய்தாள். எதிரே நின்றவளும் அதையேதான் முடிவு செய்தாள்.

ஊசியக்கா சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நாத்தனார் வேண்டாம் என்றிருப்பாள். பத்தில் மூன்று வருகிற பந்தைக் கடைசிப் பந்தாகப் போட எந்தக் கேப்டனும் விடமாட்டாள். ஓடிவந்தாள். தளர்வாகப் பிடித்தாள். மணிக்கட்டு இன்னும் கொஞ்சம் திரும்பியது, புறங்கை எதிரே பார்த்தது, பந்து சுண்டுவிரல் பக்கமாக வெளியே வந்தது.

சரியாக வருகிற அந்த மூன்றில் ஒன்றாக அமைந்தது அது. இடது கைக்காரி கிரீஸ் கோட்டைத் தாண்டி இரண்டடி இறங்கி வந்து, உள்ளே வரப்போகிற பந்துக்கு மட்டையை வீசினாள். பந்து தரையைக் கடித்து வெளியே திரும்பியது. மட்டை காற்றை அடித்தது. கோட்டுக்கு வெளியே அவள் தடுமாறி நின்றாள். கீப்பர் பந்தைப் பிடித்து ஸ்டம்பைத் தட்டினால் போதும், ஆட்டம் முடிந்தது, ஜெயித்தாகிவிட்டது.

கீப்பர் எதிர்ப்பக்கம் போயிருந்தாள். உள்ளே வருகிற பந்துக்குக் கையுறையை நீட்டி வைத்திருந்தாள். பந்து அவளுடைய மறு தோளைத் தாண்டி, யாரும் நிற்காத பக்கம் உருண்டு, எல்லைக் கோட்டைத் தாண்டியது. மட்டையில் படாமலே நான்கு ரன், 'பை' கணக்கில். எதிரணி கத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்தது.

நாத்தனார் குந்தியபடியே இருந்தாள். பந்து போன திசையைப் பார்க்கவில்லை, அண்ணியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை தலைமை டெக்னீஷியன் மேஜையில் தாளைப் போட்டாள். ஊசியக்கா கண்ணை மூடி, அழுத்தாமல் விரலை ஓட்டினாள். "இங்க தொடங்கி இப்படி வளைஞ்சு போகுது மேடம்" என்றாள். தாளைத் தூக்கிப் பார்த்தார்கள், முடி வளைந்துதான் கிடந்தது. "வார்டுக்குப் போ, ஆறாம் நம்பர் பெட்" என்றாள் தலைமை டெக்னீஷியன். ஆறாம் நம்பர் பெட்டில் இரண்டு வயதுப் பையன். ஒரே குத்து. அவன் அழ வாயைத் திறப்பதற்குள் பஞ்சு வைத்தாயிற்று.

வீட்டுக்கு வந்தபோது நடையில், வீட்டுக்காரரின் நாற்காலி கிடக்கும் இடத்தில், நாத்தனார் கையுறை மாட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். நீலம் அடித்த பந்து அவள் காலடியில் இருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாளோ தெரியாது.

ஊசியக்கா செருப்பைக் கழற்றினாள். "வேற ஸ்பின்னர் கிடைச்சாளா?" என்று கேட்டாள்.

"பதினோரு வருஷம் உங்க கையைப் பார்த்தவ நான்" என்றாள் நாத்தனார். "எனக்கே தெரியல அண்ணி. எனக்கே தெரியலன்னா, வேற எவளுக்குத் தெரியும்?"

பந்தை எடுத்து அண்ணியிடம் உருட்டிவிட்டாள்.

"மறுபடியும் போடுங்க. மெதுவா. கையைப் பார்க்கணும்."